படு, பட்டு: நடுவில் உள்ள மௌனத்தை அளப்பது எப்படி?

'பட்டு' என்று சொல்லும்போது நாக்கு மேல்வாயில் மடங்கி ஒட்டிக்கொண்டு சற்றுநேரம் காத்திருக்கிறது. அந்த நேரத்தில் ஒலியே இல்லை. 'படு' என்பதில் நாக்கு தொட்டதும் விலகிவிடுகிறது. ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள் தமிழ் கற்கும்போது தடுமாறும் இடங்களில் இதுவும் ஒன்று. இரட்டித்த மெய்யை நீட்டுவதற்குப் பதிலாக, அதை அழுத்திச் சொல்லிவிடுகிறார்கள். "இன்னும் கொஞ்சம் நிறுத்து" என்று ஆசிரியர் சொன்னால், எவ்வளவு என்று மாணவருக்குப் புரிவதில்லை. அந்த அளவை எடுக்கத்தான் ஃபோர்ஸ்டு அலைன்மென்ட்.

பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளின் வேலை வேறு, இதன் வேலை வேறு. என்ன பேசப்பட்டது என்பதை நாமே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். ஒவ்வொரு ஒலியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மட்டும் அது கண்டுபிடிக்கிறது. மான்ட்ரியல் ஃபோர்ஸ்டு அலைனர் என்ற இலவச மென்பொருளுக்கு மூன்று பொருள்கள் வேண்டும்: ஒலிக்கோப்பும் அதே பெயரில் அதன் உரையும், உச்சரிப்பு அகராதி, ஒவ்வோர் ஒலியும் எப்படி இருக்கும் என்று பதிவுகளிலிருந்து கற்றுக்கொண்ட ஒலி மாதிரி. அது ஒலியைப் பொதுவாக 10 மில்லிநொடித் துண்டுகளாக நகர்ந்து பார்த்து, எந்தத் துண்டு எந்த ஒலிக்குப் பொருந்துகிறது என்று கணக்கிட்டு, உரையின் வரிசை மாறாமல் மொத்தத்தில் மிகச் சிறப்பாகப் பொருந்தும் பிரிவினையைத் தேர்கிறது.

அகராதியில்தான் தமிழின் வம்பு தொடங்குகிறது. ஒரே 'ட' எழுத்து 'படு'வில் ஒரு மாதிரியும் 'பட்டு'வில் வேறு மாதிரியும் ஒலிக்கிறது. எழுத்தை அப்படியே ஒலியாக்கினால் மாதிரி குழம்பும். ஆகவே இப்படி எழுதுகிறோம்:

```
படு    p a ɖ ɯ
பட்டு   p a ʈː ɯ
```

'ட்ட' என்பதை இரண்டு ஒலிகளாகப் பிரித்து எழுதாமல் ஒரே நீண்ட ஒலியாக எழுதியிருப்பதைக் கவனியுங்கள். இரண்டாகப் பிரித்தால் மௌனத்தின் நடுவே ஓர் எல்லைக்கோடு போட வேண்டியிருக்கும். அங்கே எந்த ஒலிமாற்றமும் இல்லாததால் அந்தக் கோடு எங்கே விழுந்தாலும் அதற்குப் பொருளில்லை.

பதிவு செய்யும் வாக்கியத்திலும் கவனம் தேவை. தனிச்சொல்லாகப் பதிந்தால் முதல் 'ப'வின் மூடலையும் அதற்கு முந்தைய அமைதியையும் பிரிக்க முடியாது. 'பட்டு என்று சொல்' என்றாலோ உகரம் கெட்டு 'பட்டென்று' ஆகிவிடும். 'இதில் பட்டு வருகிறது', 'இதில் படு வருகிறது' என்பது போல மெய்யில் தொடங்கும் சொல்லைப் பின்னால் வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. பிறகு:

```
mfa validate corpus dict.txt
mfa align corpus dict.txt model.zip output
```

முதல் கட்டளை, அகராதியில் இல்லாத சொற்களைக் காட்டிவிடும். இதைத் தவிர்த்தால் அந்தச் சொற்கள் ஒலிகளாகப் பிரியாமல், அடையாளம் தெரியாத பேச்சைக் குறிக்கும் `spn` என்று மட்டுமே விளைவில் வரும். ஒலி எல்லைகளோடு வெளிவரும் `TextGrid` கோப்பை, ஒலியை ஆராய உதவும் பிராட் மென்பொருளில் ஒலிக்கோப்போடு சேர்த்துத் திறக்கலாம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. ஆசிரியரின் 'பட்டு'வில் அகரம் 80 மில்லிநொடி, 'ட்ட' 180. மாணவரிடம் அகரம் 130, 'ட்ட' 150. 'ட்ட'வை மட்டும் பார்த்தால் பெரிய குறையில்லை. மெய்யை உயிரால் வகுத்தால் ஆசிரியருக்கு 2.25, மாணவருக்கு ஏறக்குறைய 1.15. அவர் மெய்யைக் குறைத்ததைவிட அகரத்தை நீட்டியதே பெரிய பிழை. திருத்தமும் 'அகரத்தைச் சுருக்கு' என்றே அமைய வேண்டும். வேகமாகப் பேசுபவரையும் மெதுவாகப் பேசுபவரையும் ஒப்பிட இந்த விகிதமே ஏற்றது. ஆனால் 10 மில்லிநொடித் துண்டுகளில் வந்த அளவு என்பதால், 10, 20 மில்லிநொடி வேறுபாட்டை வைத்து யாரையும் குறை சொல்லக் கூடாது. கையால் எல்லை குறிக்கும் இருவரே அந்த அளவுக்கு முரண்படுவார்கள்.

'ஃபோர்ஸ்டு', அதாவது 'கட்டாயப்படுத்திய' என்ற இதன் பெயரிலேயே பெரிய பொறி இருக்கிறது. மாணவர் 'படு' என்றே சொல்லியிருந்தாலும், உரையில் 'பட்டு' என்று இருந்தால் மென்பொருள் எப்படியாவது ஓர் `ʈː`வைப் பொருத்திவிடும். பிழை என்று அது சொல்லாது. எதிர்பார்க்கும் பிழையையும் 'பட்டு' என்ற சொல்லுக்கு இரண்டாம் உச்சரிப்பாக அகராதியில் சேர்த்தால், எது நன்றாகப் பொருந்துகிறதோ அதை அது தேர்ந்துகொள்ளும். ஒலியின் தன்மை மாறும் பிழைகளில் இது நன்றாக வேலை செய்கிறது. கால அளவு மட்டும் மாறும் பிழையில் இந்த வகை மாதிரிகள் பலவீனமானவை. அங்கே மேற்சொன்ன விகிதத்தையே நம்ப வேண்டும்.

இன்னொரு வரம்பு குறுகிய ஒலிகளில் வருகிறது. வழக்கமான மாதிரி ஒவ்வோர் ஒலியையும் மூன்று நிலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தது ஒரு 10 மில்லிநொடித் துண்டைக் கொடுப்பதால், எந்த ஒலியும் 30 மில்லிநொடிக்குக் கீழே போக முடியாது. 'படு'வின் 'ட' சில வேளைகளில் அதைவிடச் சிறியது. 'பட்டு'வின் கடைசிக் குற்றியலுகரமோ சிலர் பேச்சில் கேட்கவே கேட்காது. இலக்கணம் அதற்கு அரை மாத்திரைதான் கொடுத்தது. மென்பொருள் 30 மில்லிநொடியைக் கட்டாயம் கேட்கிறது, பக்கத்து ஒலியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பிராட்டில் சரியாக 0.03 நொடி உள்ள ஒலிகள் அடுத்தடுத்து வரிசையாக நின்றால், அவை அளந்து வந்தவை அல்ல, திணிக்கப்பட்டவை. அந்தப் பதிவில் உரை பேச்சோடு ஒத்துப்போகிறதா என்று காதால் கேட்டுப் பார்த்துவிட்டு, இல்லையென்றால் அதைக் கணக்கிலிருந்து நீக்குங்கள்.