ரீகன்சிலியேஷன்னா சரிக்கட்டுறதா, ஒத்துப் பாக்குறதா?

நம்ம பேரேட்டுல இருக்குற பேங்க் கணக்கையும் பேங்க் குடுக்குற ஸ்டேட்மெண்ட்டையும் பக்கத்துல வச்சு வித்தியாசம் ஏன்னு கண்டுபிடிக்கிறதுதான் ரீகன்சிலியேஷன். பதினொண்ணாம் வகுப்பு கணக்குப் பதிவியல் புஸ்தகத்துல இதுக்கு 'வங்கிச் சரிகட்டும் பட்டியல்'னு பேரு. பரீட்சைக்கு அப்படியே எழுதுங்க, மார்க் கிடைக்கும். ஆனா எனக்கு அந்த வார்த்த மேல ஒரு சங்கடம் இருக்கு. மதுரையில 'ஆள சரிக்கட்டிட்டாப்ல'ன்னா என்னத்தையோ குடுத்து வாய அடைச்சுட்டாருன்னு அர்த்தம். கணக்கு எழுதுறவங்கள்ல பாதிப்பேரு ரீகன்சிலியேஷனையும் அந்த அர்த்தத்துலதான் பண்றாங்க, வித்தியாசம் என்ன வருதோ அத சில்லறைச் செலவுல தள்ளிட்டு மூடி வச்சுர்றது.

மூலச்சொல் லத்தீன்ல இருந்து வந்தது. 'ரி'ன்னா மறுபடி, 'கன்சிலியாரே'ன்னா ஒண்ணு சேக்குறது, அதாவது பிணங்கி நிக்கிற ரெண்டு பேர மறுபடி சேத்து வைக்கிற பஞ்சாயத்து. இங்க அந்த ரெண்டு பேரு யாருன்னா நம்ம பேரேடும் பேங்க் ஸ்டேட்மெண்ட்டும். பெரும்பாலும் ரெண்டுமே பொய் சொல்லல, ஒரு விஷயம் ஒருத்தர் காதுக்கு முன்னாடியும் இன்னொருத்தர் காதுக்குப் பின்னாடியும் போயிருக்கும், அவ்ளோதான். அதனால நான் 'ஒத்துப் பாக்குறது'ன்னுதான் சொல்வேன்.

கீழமாசி வீதியில ஒரு மளிகை மொத்தக்கடைக்கு நான் பாத்த மார்ச் மாசக் கணக்கச் சொல்றேன். 31ஆம் தேதி பேரேட்டுல பேங்க் இருப்பு 1,84,620 ரூபா. ஸ்டேட்மெண்ட்ல 1,97,262.30. முதலாளி பாத்துட்டு "என்னப்பா, பேங்க்காரன் நமக்கு பன்னெண்டாயிரம் கூட போட்டுட்டானா"ன்னு சிரிச்சாரு. பேங்க்காரன் எங்கண்ணே போடுவான்.

ரெண்டையும் பக்கத்துல வச்சு வரிக்கு வரி டிக் போட்டுக்கிட்டே வந்தேன். இதுல புதுசா வர்றவங்க தடுமாறுற ஒரு இடம் இருக்கு, நம்ம பேரேட்டுல பற்றுல இருக்குறது ஸ்டேட்மெண்ட்ல வரவுல இருக்கும், ஏன்னா அது பேங்க்கோட புஸ்தகம், நம்ம போட்ட பணம் அவங்களுக்கு நமக்குத் திருப்பித் தரவேண்டிய கடன். தல கீழா டிக் போட்டாத்தான் சரி.

டிக் விழாம நின்னது நாலு. விருதுநகர் பருப்பு பார்ட்டிக்கு 30ஆம் தேதி குடுத்த செக் 18,500, அவரு இன்னும் பேங்க்ல போடவே இல்ல, அதனால பேங்க்ல பணம் கூட தெரியுது. நாங்க 31 சாயங்காலம் பொட்டியில போட்ட கஸ்டமர் செக் 6,200, இன்னும் வரவாகல, மறுநாள் ஏப்ரல் 1 பேங்க்கு வருசக் கணக்கு முடிப்பு லீவு வேற. மூணாவது எஸ்எம்எஸ் சார்ஜ் 17.70, அதாவது பதினஞ்சு ரூபாயும் அதுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும், பேங்க் எடுத்துருக்கு, நம்ம எழுதல.

இந்த மூணையும் பேரேட்டு இருப்போட கூட்டிக் கழிச்சா 1,96,902.30 வருது, இன்னும் 360 ரூபா இடிக்குது. இங்கதான் சில்லறைச் செலவுல தள்ளிரலாமான்னு கை அரிக்கும். அவசரப்படாம அத ஒம்பதால வகுத்தேன், நாப்பது, மீதி இல்ல. வித்தியாசம் ஒம்பதால மீதியில்லாம போச்சுன்னா இலக்கம் இடம் மாறிருச்சோன்னு சந்தேகப்படலாம், நிச்சயம்னு இல்ல, ஆனா தேட ஒரு திசை கிடைக்கும். நாலாவது ஆளு அங்கதான் நின்னாரு: லாரி வாடகை 4,590, பேங்க்ல சரியா போயிருக்கு, நான்தான் பேரேட்டுல 4,950ன்னு எழுதிருக்கேன். (வித்தியாசம் ஒம்பதால போகலன்னா அத பாதியாக்கிப் பாருங்க, அந்தத் தொகையில ஒரு வரி பற்றுக்குப் பதிலா வரவுல ஏறியிருக்கலாம்.)

இப்ப எத எழுதணும், எத விடணும்ங்கிறதுதான் முக்கியம். சார்ஜ் 17.70க்கும் வாடகைத் திருத்தம் 360க்கும் பேரேட்டுல பதிவு போடணும், போட்டா இருப்பு 1,84,962.30. ரெண்டு செக்குக்கும் எந்தப் பதிவும் கிடையாது, அது பட்டியல்ல மட்டும் நிக்கும். அந்தப் பக்கம் ஸ்டேட்மெண்ட் 1,97,262.30ல 18,500 கழிச்சு 6,200 கூட்டுனா அதே 1,84,962.30. டேலியில பண்றவங்க அந்த ரெண்டு செக்குக்கும் `Bank Date` கட்டத்த காலியா விடுங்க, கணக்கு ஒத்துப்போகணும்னு மார்ச் 31 அடிச்சு விட்டீங்கன்னா அதுதான் நான் சொன்ன அந்த சரிக்கட்டு.

ஏப்ரல் 2ஆம் தேதி 6,200 வரவாச்சு, தேதியப் போட்டேன். பருப்பு செக் வரல. செக்குக்கு ஆயுசு தேதியில இருந்து மூணு மாசம்தான், அதுக்கு மேல பேங்க் வாங்காது, செக்கத் திருப்பி எழுதி பார்ட்டி பேருல கடனா மறுபடி ஏத்தணும். மே மாசம் போன் போட்டேன், "அட, காலண்டருக்குப் பின்னாடி சொருகி வச்சது அப்படியே மறந்துபோச்சு தம்பி"ன்னாரு.