ஐந்து வயதுக்கு முதல் போர்டு கேம்: பரமபதத்தை ஏன் தள்ளிவைக்கச் சொல்கிறேன்

"போர்டையே தூக்கி எறிஞ்சுட்டான் மேடம். இது ரெண்டாவது போர்டு."

இரண்டாகக் கிழிந்த பரமபத அட்டையை அந்த அம்மா என் மேசையில் வைத்தார். பையனுக்கு ஐந்து வயது முடிந்து இரண்டு மாதம். அப்பா, அம்மா, அக்கா, அவன் என்று நான்கு பேர் ஆடியிருக்கிறார்கள். 97-ல் நின்றவனுக்குப் பகடையில் ஒன்று விழ, 98-ல் இருந்த பாம்பு அவனை 28-க்குக் கொண்டுவந்துவிட்டது. அக்கா சிரித்திருக்கிறாள். அவ்வளவுதான், அட்டை பறந்துவிட்டது.

"தோத்தா இவனுக்குத் தாங்கவே தாங்காது" என்றார். ஆட்டம் தொடங்கி அதற்குள் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று கேட்டேன். "அரை மணி நேரம் இருக்கும்" என்றார்.

குழந்தைகளுக்கான உளவியல் ஆலோசகராக இருக்கும் எனக்கு இந்த அரை மணி நேரம்தான் முக்கியமாகப் பட்டது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பகடையில் ஒரு வீச்சுக்குச் சராசரியாக மூன்றரை விழும். பாம்பும் ஏணியும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் 100 கட்டம் போக ஒருவருக்கு 29 வீச்சு ஆகும். நான்கு பேருக்கும் சேர்த்தால் நூறைத் தாண்டும். பகடையை உருட்டி, எண்ணி, காயை நகர்த்த 10 விநாடி என்றால் மொத்தம் 20 நிமிடத்துக்குப் பக்கத்தில் வருகிறது. அதில் குழந்தையின் கைக்கு வேலை இருப்பது 5 நிமிடம்தான், மீதி 15 நிமிடம் சும்மா காத்திருக்கிறது. அப்படிக் காத்திருந்து சேர்த்ததையெல்லாம் ஒரே ஒரு கட்டம் பிடுங்கிக்கொள்கிறது. அவன் பொறுமை அந்த 97-க்கு வரும்போதே தீர்ந்துபோயிருந்தது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த ஆட்டத்தில் தோற்றுப் பழக அரை மணி நேரத்துக்கு ஒரு வாய்ப்புதான் கிடைக்கிறது, அதுவும் பெரிய தோல்வியாக. தோற்பதைப் பழக்க வேண்டுமென்றால் தோல்வி சிறிதாக இருக்க வேண்டும், அடிக்கடி வர வேண்டும், உடனே அடுத்த ஆட்டம் தொடங்க வேண்டும். அதனால் முதல் ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது இரண்டுதான். தன் முறை திரும்பி வர 20 விநாடிக்கு மேல் ஆகக் கூடாது. யாரோ ஒருவரை எதிர்த்து ஆடுவதென்றால் ஆட்டம் 5 நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும். பெட்டியில் '5+' என்று போட்டிருப்பதை நம்பி இந்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள். அந்த எண் விதிகள் புரியும் வயதைச் சொல்லலாம், தோல்வியைத் தாங்கும் வயதைச் சொல்லாது.

ஏற்கெனவே போர்டைத் தூக்கி எறிந்த குழந்தைக்குப் போட்டியே இல்லாத ஆட்டத்தில் தொடங்குவேன். 1986-ல் ஜெர்மனியில் வந்த 'ஆர்ச்சர்ட்' இந்த வகையில் எனக்குப் பிடித்தது. அதில் 40 பழங்கள், நேரம் கொஞ்சம் இழுக்கும். அதனால் 16 பழங்கள் கொண்ட அதன் சின்ன வடிவத்தை எடுத்துக்கொள்வேன். பகடையில் நிறம் விழுந்தால் அந்த நிறப் பழத்தைப் பறிக்கலாம், காகம் விழுந்தால் காகம் ஒரு அடி முன்னே வரும். எல்லாரும் ஒரே அணி, எதிரி காகம்தான். காகம் ஜெயித்துவிட்டால் அம்மாவும் தோற்றுப்போகிறார். "அச்சச்சோ, காக்கா முந்திக்கிச்சே! எனக்கு வருத்தமா இருக்கு. மறுபடி ஆடலாமா?" என்று பெரியவர் சொல்வதைக் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறது. தோற்றவர் எப்படிப் பேசுவார் என்று அதற்கு முன் அந்தக் குழந்தைக்கு யாரும் காட்டியிருக்க மாட்டார்கள்.

ஆனால் இதிலேயே நின்றுவிடக் கூடாது. காகத்திடம் தோற்பதும் அக்காவிடம் தோற்பதும் ஒன்றல்ல. இரண்டு வாரத்துக்குப் பிறகு அந்தப் பையனுக்கு நான் கொடுத்தது, ஒரு நீள அட்டையில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட 20 கட்டங்கள். பாம்பு கிடையாது, ஏணி கிடையாது, முதலில் கடைசிக் கட்டத்தைத் தாண்டுகிறவருக்கு வெற்றி. இரண்டே பேர் ஆடினால் ஆளுக்கு ஆறேழு வீச்சு, இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். முழுக்க அதிர்ஷ்டம் என்பதால் பெரியவர் வேண்டுமென்றே தோற்றுக்கொடுக்கத் தேவையே இல்லை, குழந்தை பாதி ஆட்டங்களில் தானாகவே ஜெயிக்கும். தோற்றுக்கொடுப்பதைக் குழந்தைகள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதைவிட, தோற்றுப் பழகும் வாய்ப்பை நாமே எடுத்துவிடுகிறோம்.

பகடையை வெறும் கையில் கொடுக்காமல் ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு வைத்தோம். கிண்ணம் யார் முன்னால் இருக்கிறதோ அவருடைய சான்ஸ். உருட்டி, நகர்த்தி, கிண்ணத்தை அடுத்தவர் பக்கம் தள்ளினால்தான் முறை முடிந்தது. "இப்போ யார் சான்ஸ்?" என்ற சண்டை இதிலேயே பாதி அடங்கிவிடும். இன்னொன்று, நிற்கிற கட்டத்தையே 'ஒன்று' என்று எண்ணுவது இந்த வயதில் சகஜம். அதை அழுகுணி ஆட்டம் என்று சொல்லிவிடாதீர்கள். அவன் விரலைப் பிடித்து அடுத்த கட்டத்தில் வைத்து 'ஒன்று' என்று தொடங்கிக் கொடுங்கள்.

எத்தனை ஆட்டம் என்பதை உட்காரும்போதே சொல்லிவிட வேண்டும். நாங்கள் மூன்று என்று வைத்தோம், மூன்று பொத்தான்களை எடுத்து வைத்து ஆட்டத்துக்கு ஒன்றாகப் பெட்டிக்குள் போட்டோம். மூன்றாவதில் யார் ஜெயித்தாலும் அன்றைக்கு அவ்வளவுதான். "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று அவன் ஜெயிக்கும் வரை ஆடினால், அடம் பிடித்தால் தோல்வி மறைந்துவிடும் என்பதைத்தான் கற்றுக்கொள்வான். இந்த விதியில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

முதல் வாரம் தினமும் ஒரு அழுகை. அம்மா செய்ய வேண்டியதாக நான் சொன்னது, "ஜெயிக்கணும்னு ஆசையா இருந்துச்சு, இல்ல?" என்று ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு, பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருப்பது மட்டும். "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்பதும், "விளையாட்டுதானே, பரவாயில்லை" என்பதும் வேண்டாம் என்றேன். அழுகை வருவதற்கு முன் அவனிடம் தெரிந்த அடையாளங்களையும் அம்மா குறித்து வைத்தார். பகடையை வேகமாக உருட்டுவான், விதியை மாற்றப் பார்ப்பான், திடீரென்று பாத்ரூம் போக வேண்டும் என்பான். அந்த நேரத்தில் "ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வரலாமா?" என்று கேட்டாலே பல நாள் போதுமாக இருந்தது.

மூன்றாவது வாரத்தில் அக்காவைச் சேர்த்தோம். அவளுக்கும் ஒரு விதி உண்டு, ஜெயித்தவர்தான் காய்களைப் பெட்டியில் எடுத்து வைக்க வேண்டும். கைக்கு வேலை வந்ததும் கேலிக்கு நேரம் குறைந்தது.

அடுத்ததாக, கவிழ்த்து வைத்த அட்டைகளை இரண்டிரண்டாகத் திருப்பி ஒரே படத்தை ஜோடி சேர்க்கும் மெமரி கார்டு ஆட்டம், 6 ஜோடி மட்டும். இதில் இந்த வயதுக் குழந்தைகள் சில நேரம் பெரியவர்களையும் ஜெயித்துவிடுவார்கள். ஜோடி கிடைத்தால் மறுபடியும் அவருக்கே முறை என்ற விதியை மட்டும் தொடக்கத்தில் எடுத்துவிடுங்கள். ஒருவரே தொடர்ந்து எடுத்துக்கொண்டிருந்தால், காத்திருக்கும் நேரம் மறுபடியும் நீண்டுவிடும்.

இரண்டு பேர் ஆடும் இந்தச் சின்ன ஆட்டத்தில்கூடப் பல வாரம் கழித்தும் குழந்தையால் தன் முறைக்குக் காத்திருக்க முடியவில்லை, பள்ளியிலும் இதே நிலை என்றால், ஆட்டத்தை மாற்றிக்கொண்டே இருக்காமல் குழந்தை மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ ஒருமுறை காட்டுங்கள்.

அந்தப் பையன் ஆறாவது வாரம் என் அறையிலேயே ஆடினான். என்னிடம் இரண்டு ஆட்டம் தொடர்ந்து தோற்றான். உதடு பிதுங்கியது, கண் கலங்கியது. காயை இறுக்கிப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு மிச்சமிருந்த ஒரு பொத்தானைப் பார்த்துவிட்டு, கிண்ணத்தை என் பக்கம் தள்ளினான்.