பணம் திரும்பிவிட்டது என்கிறது பக்கம், வரவில்லை என்கிறது வங்கி: 23 இலக்கங்கள் சொல்லும் உண்மை

விசுவமடுவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "இரத்துச் செய்த ஓடரின் பக்கத்தில் Refunded என்று பச்சையாகப் போட்டிருக்கிறது. கிளிநொச்சிக்கு இரண்டு தடவை பஸ் ஏறிப் போய் வங்கியில் கேட்டேன். ஒன்றும் வரவில்லை என்கிறார்கள். யார் பொய் சொல்கிறார்கள்?"

பெரும்பாலும் இருவருமே பொய் சொல்வதில்லை. கடையின் பக்கமும் வங்கியின் கணக்கும் இரண்டு வேறு புத்தகங்கள். ஒன்றில் எழுதியது மற்றதில் தானாக விழாது. நடுவில் ஒரு பயணம் இருக்கிறது, அந்தப் பயணத்துக்கு ஓர் இலக்கமும் இருக்கிறது.

ஒரு கணக்கை எடுத்துப் பார்ப்போம். தொகைகளும் இலக்கங்களும் விளக்கத்துக்காகப் போட்டவை, நாட்கள் உண்மையான நாட்காட்டிப்படி. 2025 யூலை 6, ஞாயிறு இரவு. வயலுக்கு மருந்தடிக்க ஒரு பற்றரி மெசின் 14,900 ரூபா, அதற்கு மாற்று முனைகள் ஒரு தொகுதி 1,250 ரூபா, அனுப்பும் செலவு 450 ரூபா, கூப்பன் கழிவு 500 ரூபா. மொத்தம் 16,100 ரூபா டெபிட் காட்டில் கட்டப்படுகிறது. முனைகள் திங்கட்கிழமையே கொழும்பிலிருந்து புறப்பட்டுவிட்டன. மெசின் கையிருப்பில் இல்லை என்று புதன், 9ஆம் திகதி, அதை மட்டும் இரத்துச் செய்கிறார்கள். 10ஆம் திகதி பக்கத்தில் Refunded என்று வருகிறது.

முதல் குழப்பம் தொகையில். 14,900 வரும் என்று காத்திருந்தால் அந்த வரி கணக்கில் ஒருநாளும் வராது. கூப்பன் கழிவு இரண்டு பொருளுக்கும் விலை விகிதப்படி பிரிந்திருக்கும். 500ஐ 14,900ஆல் பெருக்கி, இரண்டு பொருளின் கூட்டு விலையான 16,150ஆல் வகுத்தால் 461.30. அதை மெசினின் விலையிலிருந்து கழித்தால் 14,438.70 ரூபா. முனைகள் வந்து சேர்வதால் அனுப்பும் செலவு கடையிடமே நிற்கும். ஆகவே தேட வேண்டிய தொகை 14,438.70. ஓடர் பக்கத்தின் விலைப்பட்டியலில் மெசினுக்கு நேரே கூப்பன் பங்கு தனியாகக் காட்டப்பட்டிருந்தால் கணக்குப் போடவும் தேவையில்லை. சதம் வரை பொருந்துகிறதா என்று பாருங்கள். சதம் உள்ள தொகை ஒரு வகையில் நல்லது, வேறு வரவோடு மாறிப்போகாது.

அடுத்தது, காசு உண்மையில் போனதா என்ற கேள்வி. காட்டில் கட்டியதும் வரும் குறுஞ்செய்தி காசு போனதற்குச் சாட்சி அல்ல. "இந்தத் தொகைக்கு அனுமதி தரலாமா?" என்று கடையின் வங்கி உங்கள் வங்கியைக் கேட்டது, உங்கள் வங்கி "தரலாம்" என்று சொல்லி அந்தத் தொகையைக் கணக்கிலேயே பிடித்து வைத்தது, அவ்வளவுதான். கடை பொருளை அனுப்பும்போதுதான் பொதுவாக உண்மையான அறவீடு நடக்கும். ஞாயிறு இரவே முழு ஓடரையும் இரத்துச் செய்திருந்தால், அறவிடப்படாத காசுக்குத் திருப்பி அனுப்ப ஒன்றும் இல்லை. கடை ஒரு விடுவிப்புச் செய்தி அனுப்பும், பிடிப்புக் கழன்றுவிடும். கணக்கறிக்கையில் கழிவும் இராது, வரவும் இராது. இந்த இடத்தில் பலர் வராத வரவைத் தேடிக்கொண்டு மாதக்கணக்கில் அலைகிறார்கள். கண்டுபிடிக்க ஒரே வழி: வங்கிச் செயலியில் அந்த வரி Pending என்ற நிலையைத் தாண்டியதா என்று பாருங்கள். தாண்டாமலே மறைந்துவிட்டால் கதை முடிந்தது, கையிருப்புத் தொகை ஏறியிருக்கும். கடை விடுவிப்பு அனுப்ப மறந்திருந்தாலும் பிடிப்பு ஒரு கெடுவுக்குப் பின் தானாகக் கழலும். வங்கியைப் பொறுத்து அது ஒரு வாரமாகவும் இருக்கலாம், ஒரு மாதமாகவும் இருக்கலாம்.

நமது கணக்கில் முனைகள் போய்விட்டன, யூலை 7ஆம் திகதியே 16,100 ரூபாவும் அறவிடப்பட்டுவிட்டது. ஆகவே உண்மையான திருப்பம் ஒன்று வரவேண்டும். இது கட்டணம் போன வழியிலேயே திரும்பும் தனிப் பரிவர்த்தனை. கடையில் உங்கள் முழுக் காட் இலக்கம் பொதுவாக இருப்பதில்லை. கடைக்காகக் காட் கட்டணங்களை வாங்கிக் கொடுக்கும் கட்டண நுழைவாயிலிடம் "அந்தப் பழைய பரிவர்த்தனைக்கு 14,438.70 திருப்பு" என்று மட்டும் அது சொல்கிறது. அந்தக் கட்டளை போனவுடன் கடையின் பக்கம் Refunded என்று மாறிவிடுகிறது. நுழைவாயில் அதைக் கடையின் வங்கிக்குக் கொடுக்க, கடையின் வங்கி நாளின் கோப்பில் சேர்த்து விசா, மாஸ்டர்காட் போன்ற காட் வலையமைப்புக்கு அனுப்ப, அங்கிருந்து உங்கள் வங்கிக்குக் கோப்பு வரவேண்டும். சில வங்கிகளுக்கு முன்னறிவிப்பு வருவதுண்டு. வராத இடத்தில், கோப்பு வந்து சேரும்வரை கிளிநொச்சிக் கிளையின் உத்தியோகத்தர் பார்க்கும் திரையில் எதுவும் இராது. அவர் சொல்வது உண்மைதான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கடையின் வங்கி அந்தக் கோப்பில் போடும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 23 இலக்கங்கள் கொண்ட ஓர் அடையாளம் இடுகிறது. திரைகளில் ARN என்று வரும். இது வெறும் வரிசை எண் அல்ல, வாசிக்கத் தெரிந்தால் பேசும். உதாரணத்துக்கு:

```
7 412345 5195 00000123456 4
```

முதல் இலக்கம் வடிவக் குறி. அடுத்த ஆறும் கடையின் வங்கியைக் குறிப்பவை. அடுத்த நான்கில்தான் சுவை இருக்கிறது. 5 என்பது 2025இன் கடைசி இலக்கம், 195 என்பது அந்த ஆண்டின் 195ஆம் நாள். யூன் முடிய 181 நாட்கள், அதோடு 14. ஆக, யூலை 14, திங்கட்கிழமை. பக்கம் 10ஆம் திகதி என்றது, கோப்பு 14ஆம் திகதிதான் புறப்பட்டது. ஏன் என்று நாட்காட்டியைப் பாருங்கள். யூலை 10 எசல போயா, வங்கி விடுமுறை. 11ஆம் திகதி வெள்ளிக்கிழமை நுழைவாயில் கொடுத்தது அன்றைய கோப்பைத் தவறவிட்டது, 12ம் 13ம் சனி, ஞாயிறு. நான்கு நாள் எங்கே போனது என்பதற்கு விடை அந்த நான்கு இலக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் வங்கி கணக்கில் ஏற்ற எடுக்கும் நாட்களை 10ஆம் திகதியிலிருந்து அல்ல, 14ஆம் திகதியிலிருந்து எண்ண வேண்டும்.

அதற்கடுத்த பதினொரு இலக்கங்கள் கடையின் வங்கி தன் பதிவேட்டில் இந்தப் பரிவர்த்தனைக்கு வைத்த இடம். கடைசி 4, சரிபார்ப்பு இலக்கம். ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலைசெய்த ஹான்ஸ் பீட்டர் லூன் கண்டுபிடித்த முறை, 1960இல் காப்புரிமை பெற்றது. உங்கள் காட்டின் கடைசி இலக்கமும் இதே முறையில்தான் வருகிறது. சரிபார்ப்பு இலக்கத்துக்கு முந்திய இலக்கத்தில் தொடங்கி, வலமிருந்து இடமாக ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டியுங்கள். இரட்டித்தது 9ஐத் தாண்டினால் 9ஐக் கழியுங்கள். 6 இரட்டித்தால் 12, கழித்தால் 3. அடுத்த 5 அப்படியே. 4 இரட்டித்தால் 8. இப்படியே இடது முனை வரை போய் எல்லாவற்றையும் கூட்டினால் 76. அதை 80 ஆக்க 4 வேண்டும், கடைசி இலக்கமும் 4. பொருந்துகிறது. தொலைபேசியில் கேட்டு எழுதும்போது ஓர் இலக்கம் பிழைத்தால் இந்தக் கூட்டல் கட்டாயம் காட்டிக்கொடுக்கும். பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலும் காட்டிக்கொடுக்கும், 09ம் 90ம் மாறுவதைத் தவிர. கொப்பித் தாளில் ஐந்து நிமிட வேலை, ஒரு பஸ் பயணத்தை மிச்சப்படுத்தும்.

கடையிடம் கேட்கும்போது "Refund ARN தாருங்கள்" என்று அந்தச் சொல்லையே எழுதுங்கள். இரண்டு பிழைகள் அடிக்கடி நடக்கின்றன. எழுத்துகள் கலந்த Refund ID ஒன்றைத் தருவார்கள். அது நுழைவாயிலின் உள் எண், உங்கள் வங்கிக்கு அது அந்நியம். அல்லது 23 இலக்கம் சரியாகத் தருவார்கள், ஆனால் அது வாங்கியபோது விழுந்த பழைய எண்ணாக இருக்கும். எட்டாம் இடத்திலிருந்து நான்கு இலக்கம் பாருங்கள். 5188 என்றிருந்தால் அது யூலை 7, அறவீட்டின் எண். அதைக் கொடுத்தால் வங்கி கழிவு வரியைத்தான் காட்டும், "சரியாகத்தானே இருக்கிறது" என்றும் சொல்லும். திருப்பத்தின் எண் இரத்துச் செய்த நாளுக்கு முந்தியதாக இருக்கவே முடியாது.

இந்த எண்ணை வாடிக்கையாளர் கெஞ்சிக் கேட்கும்படி வைத்திருப்பது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. Refunded என்று பச்சையில் போடும் இடத்திலேயே அதையும் போட்டுவிட்டால், விசுவமடுவிலிருந்து இரண்டு தடவை யாரும் பஸ் ஏறத் தேவையில்லை.

வன்னியில் இன்னொன்றும் நடக்கிறது. ஓடர் போடுவது புதுக்குடியிருப்பில், காசு கட்டுவது கனடாவில் இருக்கும் தம்பியின் காட்டில். திருப்பம் கட்டிய காட்டுக்கே போகும், ஓடர் போட்டவரின் கணக்குக்கு வராது. இங்கே வங்கியில் வரிசையில் நின்று பயனில்லை. தம்பியிடம் கேட்டாலும் "வந்த டொலர் கணக்கோடு ஒத்துவரவில்லை" என்பார். கட்டிய நாளின் மாற்று விகிதம் வேறு, திரும்பிய நாளின் விகிதம் வேறு. அவருடைய வங்கி எடுத்த வெளிநாட்டுக் கட்டணம் திரும்பாமலும் போகலாம். ஆகவே டொலரை ஒப்பிடாதீர்கள். அவருடைய அறிக்கையில் அந்த வரியை விரித்தால் ரூபாத் தொகை தெரியும், அது 14,438.70 ஆக இருந்தால் அதுதான் இது. காட்டின் கடைசி நான்கு இலக்கம் ஓடர் பக்கத்திலும் இருக்கும், முதலில் அதைப் பார்த்தால் யாருடைய வங்கியில் தேடுவது என்ற கேள்வியே எழாது.

கட்டிய காட் தொலைந்து புதுக் காட் எடுத்திருந்தாலும் திருப்பம் பழைய இலக்கத்துக்கே போகும். அதே வங்கியில் அதே கணக்கு இருந்தால் வங்கி அதை உரிய கணக்கில் சேர்க்கும், ஆனால் ஆள் பார்த்துச் செய்ய வேண்டி வந்து தாமதமாகலாம். "ரீஃபண்ட் போட OTP சொல்லுங்கள்" என்று யாராவது அழைத்தால் உடனே வையுங்கள். திருப்பத்துக்கு OTP, PIN, காட்டின் பின்பக்க மூன்று இலக்கம் எதுவும் தேவைப்படாது, அது உங்கள் பக்கம் காசைத் தள்ளிவிடும் வழியே அன்றி உங்களிடமிருந்து எடுக்கும் வழியல்ல.

விசுவமடு வாசகி செய்ய வேண்டியது இது. கடையிடம் திருப்பத்தின் எண்ணை வாங்கி, கூட்டிப் பார்த்து, நாளை வாசியுங்கள். அந்த நாளிலிருந்து பத்து வேலை நாள் தாண்டியும் வரவில்லை என்றால் கிளைக்குப் போகாமல் காட்டின் பின்பக்கம் உள்ள இலக்கத்தில் காட் பிரிவை அழையுங்கள். எண், தொகை, கடைசி நான்கு இலக்கம் மூன்றையும் சொல்லி, உள்வந்த கோப்பில் தேடச் சொல்லுங்கள். கோப்பில் இருந்தால் எந்தக் கணக்கில் நிற்கிறது என்று அவர்களால் சொல்ல முடியும். கோப்பிலேயே இல்லை என்றால் அதை எழுத்தில் வாங்கிக் கடைக்கு அனுப்புங்கள். அப்போது பிழை கடையின் வங்கிப் பக்கம், தேட வேண்டியவர்களும் அவர்கள்தான்.