முதியவர்களுக்குப் பதிகப் புத்தகம் அச்சிடும்போது கவனிக்க வேண்டியவை

திருக்கடையூரில் மணிவிழாவும் சதாபிஷேகமும் நடத்தும் குடும்பங்கள் வந்தவர்களுக்குத் தாம்பூலத்துடன் ஒரு சிறு பதிகப் புத்தகத்தையும் கொடுப்பதுண்டு. அதை வாங்கிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து அச்சகத்துக்கு வந்த ஓர் அன்பர், பழைய கிரவுன் அளவுப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து, “அம்மாவுக்கு எண்பது ஆகிறது சார். இதையே கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டுக் கொடுங்கள்” என்று கேட்டார். அந்தப் பக்கங்களை அப்படியே உருப்பெருக்கினால் வேலை முடிந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். எழுத்து பெரிதாகும், படிப்பது எளிதாகாது.

முதலில் அளவைப் பார்ப்போம். ஆங்கிலப் பெரிய எழுத்துப் புத்தகங்களுக்கு 16 முதல் 18 புள்ளி என்று சொல்வார்கள். அந்த எண்ணைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மேலே புள்ளிக்கும் விசிறிக்கும், கீழே உகரச் சுழிக்கும் இடம் விட வேண்டியிருப்பதால் எழுத்தின் நடு உடல் சுருங்கிவிடுகிறது. அதுவும் எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். ஆகவே நான் கணினி காட்டும் எண்ணை நம்புவதில்லை. அச்சிட்ட தாளில் ‘ப’ என்ற எழுத்தை அளவுகோலால் அளந்து, அதன் உயரம் மூன்றரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன். சில எழுத்துருக்களில் இதற்கு 18 புள்ளி போதும். சிலவற்றில் 22 வரை போக வேண்டும்.

எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க ‘கொடி, கோடி, பாரம்’ என்ற மூன்று சொற்களை அச்சிட்டுப் பார்ப்பது என் வழக்கம். கண்புரை உள்ளவருக்கு ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஒன்றாகவே தெரியக்கூடும். காலும் ‘ர’வும் குழம்பும். இந்த வேறுபாடுகளைத் தெளிவாகக் காட்டும் எழுத்துருவே நமக்கு வேண்டும். தெளிவுக்காகத் தடித்த எழுத்தைப் போடச் சொல்வார்கள். அதில் ‘ண’, ‘ஞ’ போன்றவற்றின் உள்வெளி அடைபட்டு, மங்கிய பார்வைக்கு அவை கறுப்புத் திட்டாகிவிடுகின்றன. சீரான, நடுத்தரத் தடிமனே போதும்.

வரி இடைவெளியை எழுத்தளவில் ஒன்றரை மடங்கு வைக்கிறேன். மேல்வரியில் ‘பு’வும் அதற்கு நேர்கீழே ‘க்’கும் வரும் இடத்தில் இரண்டும் தொடாமல் இருக்கின்றனவா என்று பார்த்தால், அந்த இடைவெளி போதுமா என்பது தெரிந்துவிடும். புள்ளி மேல்வரியோடு ஒட்டிக்கொண்டால் மெய் உயிர்மெய்யாகப் படிக்கப்படும்.

உண்மையான சிக்கல் சொற்பிரிப்பில்தான் இருக்கிறது. சீர்காழிப் பதிகத்தின் முதலடி பழைய அச்சில் ‘தோடுடைய செவியன்விடை யேறியோர் தூவெண் மதிசூடி’ என்று இருந்தது. பாடிப் பழகியவர் இதைக் கண்ணால் தொட்டாலே போதும். தடுமாறிப் படிப்பவரோ சொல்லின் உருவத்தைப் பிடித்தே முன்னேறுகிறார். ‘யேறியோர்’ என்றொரு சொல்லை அவர் எங்கும் கண்டதில்லை. அங்கே நின்றுவிடுகிறார். அதனால் ‘செவியன் விடை ஏறி ஓர் தூ வெண் மதி சூடி’ என்று பிரித்தோம்.

இதற்கு ஓர் ஓதுவார் மறுப்புச் சொன்னார்: பிரித்தால் சந்தம் கெடும் என்றார். அந்தக் கவலை நியாயமானது. எனவே, உடம்படுமெய் மட்டும் வரும் இடங்களைப் பிரிப்பது, மெய் திரியும் இடங்களில் ஒலியைக் காப்பது என்று முடிவு செய்தோம். ‘உள்ளங்கவர்’ என்பதை ‘உள்ளம் கவர்’ என்று மாற்றாமல் ‘உள்ளங் கவர்’ என இடம் மட்டும் விட்டோம். அடி முடியும் இடமும் மாறவில்லை. பெரிய எழுத்தில் ஓரடி ஒரு வரிக்குள் அடங்காதபோது, மிஞ்சிய பகுதியை அடுத்த வரியில் சற்று உள்தள்ளி வைத்தோம். அப்படி மடிக்கும்போது சொல்லின் நடுவில் உடைக்கக் கூடாது. இரு ஓரமும் சமமாக இழுத்து நிரப்பவும் கூடாது: வரிக்கு நான்கு சொற்களே வரும் பக்கத்தில், நிரப்புவதற்காக விழும் பெரிய வெற்றிடங்கள் கண்ணை வழிதவறச் செய்கின்றன. இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக இருந்தால் போதும்.

அச்சுக்குப் போகும் முன் ஒரு தாளை, இதை வாங்கப்போகும் வயதினரிடம் கொடுத்துக் கோயில் பிராகாரத்தின் வெளிச்சத்தில் வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் மரியாதைக்காக ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் சொல்வார்கள். எங்கே நிறுத்துகிறார்கள், எங்கே தாளைக் கண்ணருகே கொண்டுபோகிறார்கள் என்று பென்சிலால் குறித்துக்கொண்டால், எந்த வரியைத் திருத்துவது என்பது தெரிந்துவிடும்.

தாளைப் பொறுத்தவரை, பளபளக்கும் ஆர்ட் பேப்பர் வேண்டாம். மின்விளக்கு அதில் பிரதிபலித்து எழுத்தை மறைக்கும். சற்றே மஞ்சள் சாயலுள்ள 80 ஜி.எஸ்.எம். மேப்லித்தோவில் பின்பக்க எழுத்தும் அதிகம் தெரியாது. பக்கங்கள் கூடுவதால் செலவும் கூடும். அதை ஈடுகட்ட எழுத்தைக் குறைப்பதைவிடப் பதிகங்களின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வேன். பசை பைண்டிங் விரித்து வைத்தால் மூடிக்கொள்ளும். மெல்லிய புத்தகமானால் நடுவில் பின் அடித்தும், தடித்ததானால் நூல் தையலும் போட்டால், மடியில் விரித்துவைத்து இரு கையும் கூப்பியபடியே பாடலாம்.