ரோயல்டி அறிக்கை வந்தால் முதல் நாளிலிருந்து கூட்டிப் பாருங்கள்

இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். நல்லூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ரீச்சர், கைப்பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்துக் கணக்காளனான என் மேசையில் வைத்தார். கொழும்புப் பதிப்பகம் ஒன்று அவருடைய நாவலுக்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை அனுப்பிய ரோயல்டி அறிக்கைகள் அவை. "தம்பி, முற்பணம் எப்போதோ கழிந்துவிட்டது. இவர்கள் இன்னும் கழித்துக்கொண்டிருக்கிறார்கள்" என்றார்.

பதிப்பகம் அவருக்குப் பணம் தரவேண்டியிருந்தது உண்மை. ஆனால் அவர் சொன்ன காரணம் முழுப் பிழை. அந்தப் பிழையான காரணத்தை வைத்தே இரண்டு கடிதம் எழுதியிருந்தார். இரண்டுக்கும் மரியாதையான, எதுவும் தராத பதில் வந்திருந்தது. வராமல் என்ன செய்யும்?

புத்தகத்தின் அட்டை விலை 800 ரூபாய். முற்பணம் 60,000 ரூபாய். ரீச்சர் போட்ட கணக்கு இது: 75 பிரதி விற்றால் 60,000 ரூபாய் வந்துவிடும், ஆகவே 76ஆவது பிரதியிலிருந்து தனக்குக் காசு வரவேண்டும். வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இதையே சொல்கிறார்கள். கவிஞரும் சொல்கிறார், வரலாறு எழுதுகிறவரும் சொல்கிறார், உயர்தரத்துக்கு வர்த்தகம் படிப்பித்த ஒருவர்கூடச் சொன்னார். அதனால் பொறுமையாகவே இன்னொரு தடவை எழுதுகிறேன்.

முற்பணம் புத்தகம் விற்ற பணத்திலிருந்து கழிவதில்லை. அந்தப் பணத்தில் உங்களுக்கு உரிய பங்கிலிருந்து மட்டுமே கழிகிறது. ரீச்சரின் ஒப்பந்தப்படி முதல் 1,000 பிரதிகளுக்கு அட்டை விலையில் 8 சதவீதம், அதற்கு மேல் 10 சதவீதம். எனவே ஆரம்பத்தில் ஒரு பிரதி விற்றால் அவருடைய பங்கு 64 ரூபாய். மீதி 736 ரூபாய் கடைக்காரரின் கழிவுக்கும், தாளுக்கும், அச்சுக்கும், லொறிக்கும், பதிப்பகத்துக்கும் போகிறது. 60,000 ரூபாயை 64 ரூபாயாகக் கழித்துக்கொண்டு போனால் 937 பிரதி விற்ற பின்னும் 32 ரூபாய் நிற்கும். 938ஆவது பிரதியில்தான் அது தீர்ந்து, அவர் கைக்கு முதல் காசு வரத் தொடங்கும். முற்பணம் என்பது உங்கள் ரோயல்டியை முன்கூட்டியே தருவது. அது புத்தகத்தை விலைக்கு வாங்கிய காசும் அல்ல, கடனும் அல்ல. புத்தகம் 300 பிரதியோடு நின்றுபோனாலும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, மிச்ச முற்பணத்தை நீங்கள் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. சிலர் பயந்துபோய்த் திருப்பிக் கொடுக்க நிற்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

வெளியீட்டு விழாவையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். விழாவில் நீங்கள் கழிவு விலைக்கு வாங்கி விற்ற பிரதிகளும், சிறப்புப் பிரதி என்று உறையில் காசு வைத்துப் பெரியவர்கள் வாங்கியவையும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் ரோயல்டிக் கணக்கில் சேர்வதில்லை. அந்த இலாபம் ஏற்கனவே உங்கள் கையில் இருக்கிறது. அதை அறிக்கையில் தேடாதீர்கள்.

இனி ரீச்சரின் மூன்று தாள்களுக்கு வருவோம். முதல் அறிக்கையில் விற்பனை 900 பிரதி, கடைகளிலிருந்து திரும்பியது எதுவுமில்லை. ரோயல்டி 57,600 ரூபாய். முற்பணத்தில் கழிய இன்னும் 2,400 ரூபாய் பாக்கி என்று சரியாகவே எழுதியிருந்தார்கள்.

இரண்டாவதில் விற்பனை 500, திரும்பியது 160, நிகரம் 340. அதை 64ஆல் பெருக்கி 21,760 ரூபாய் என்று போட்டு, பாக்கி 2,400ஐக் கழித்து 19,360 ரூபாய் அனுப்பியிருந்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் பெருக்கலும் சரி, கழித்தலும் சரி. ஆனால் ஏற்கனவே 900 பிரதி விற்றாகிவிட்டது. இந்த 340இல் முதல் 100 மட்டுமே 8 சதவீதப் படியில் நிற்கின்றன. மற்ற 240க்கும் தலைக்கு 80 ரூபாய் வரவேண்டும். பதிப்பகம் ஒவ்வொரு அறிக்கையிலும் பிரதியைப் பூச்சியத்திலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறது. அப்படி எண்ணினால், ஒரே அரையாண்டில் 1,000 பிரதி விற்கிற அதிர்ஷ்டம் வந்தாலொழிய, எந்த எழுத்தாளரும் இரண்டாம் படியில் ஏறவே மாட்டார். இங்கே ரீச்சர் இழந்தது 3,840 ரூபாய். (எதிர்ப்பக்கத்து ஆசையும் உண்டு: 1,000ஐத் தாண்டியதும் பழைய ஆயிரத்துக்கும் 10 சதவீதம் வேண்டும் என்பார்கள். கிடைக்காது. தாண்டிய பிரதிகளுக்கு மட்டும்தான்.)

மூன்றாவது தாளைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. விற்பனை 420, திரும்பியது 210. விற்பனையைப் பிரதிக்கு 64 ரூபாயாக வரவு வைத்து, திரும்பியதைப் பிரதிக்கு 80 ரூபாயாகக் கழித்திருந்தார்கள். கொடுக்கும்போது சின்னப் படி, எடுக்கும்போது பெரிய படி! அதனால் வந்த தொகை 10,080 ரூபாய். அதிலிருந்தும் "முற்பணப் பாக்கி 2,400" என்று மறுபடி கழித்து 7,680 ரூபாய்க்குக் காசோலை எழுதியிருந்தார்கள். அந்தப் பாக்கி முந்திய அறிக்கையிலேயே தீர்ந்துவிட்டது. யாரோ பழைய கோப்பைப் பிரதி எடுத்து எண்களை மாற்றும்போது அந்த ஒரு வரியை மாற்ற மறந்திருக்கிறார். இந்தத் தொழிலில் நான் கண்ட பிழைகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட அசட்டைதான், களவு அல்ல. ஆனாலும் அசட்டை எழுத்தாளர் பக்கம் சாய்ந்ததை நான் அதிகம் கண்டதில்லை.

இவற்றை ஒவ்வொரு தாளாக நோண்டிக்கொண்டிருந்தால் தலை சுற்றும். நான் செய்வது வேறு. எந்த அறிக்கை வந்தாலும் அதைத் தனியாகச் சரிபார்ப்பதில்லை. புத்தகம் வெளிவந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் கூட்டுகிறேன். ரீச்சரின் புத்தகம் மொத்தமாக விற்றது 900, 500, 420, ஆக 1,820. மொத்தமாகத் திரும்பியது 370. நிகரம் 1,450. முதல் ஆயிரத்துக்கு 64,000 ரூபாய், அடுத்த 450க்கு 36,000 ரூபாய், ஆக ஒரு இலட்சம். முற்பணம் 60,000 போக 40,000 ரூபாய். இதுவரை அனுப்பியது 19,360உம் 7,680உமாக 27,040. இன்னும் வரவேண்டியது 12,960 ரூபாய்.

அவ்வளவுதான். திரும்பிய பிரதியை எந்தப் படியில் கழிப்பது, பாக்கியைக் கழித்தாயிற்றா இல்லையா என்ற தகராறெல்லாம் இந்தக் கூட்டலில் தானாகவே அடங்கிவிடும். மொத்த நிகரத்தைக் கொண்டு படியைப் பார்க்கிறோம், முற்பணத்தை ஒரே ஒரு முறை கழிக்கிறோம், வாங்கிய காசைக் கழிக்கிறோம். ஒரு கொப்பியின் ஒரு பக்கம் போதும். உங்கள் எண்ணும் அறிக்கையின் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் மட்டும் எந்தத் தாளில் பிழை என்று தேடுங்கள். ஒப்பந்தத்தில் ரோயல்டி அட்டை விலைக்கா, கழிவு போகப் பதிப்பகத்துக்குக் கிடைக்கும் தொகைக்கா என்பதை மட்டும் கூட்டத் தொடங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் எண் மிகவும் மாறும்.

கூட்டலால் பிடிக்க முடியாதது ஒன்றுண்டு. பிரதிகளின் எண்ணிக்கையே பொய்யாக இருந்தால் இந்தக் கணக்கு உதவாது. கடைகள் பெரும்பாலும் விற்ற பின் காசு, விற்காவிட்டால் திருப்பி அனுப்புவது என்ற முறையில்தான் புத்தகம் எடுக்கின்றன. ஆகவே கடைக்குப் போனதெல்லாம் விற்றதல்ல. திரும்பி வருவதும் குற்றமல்ல. ஆனால் திரும்பியது எந்தக் கடையிலிருந்து, எத்தனை என்று கேட்கலாம். எந்தக் கடையும் தான் எடுத்ததைவிட அதிகமாகத் திருப்பி அனுப்ப முடியாது. அதோடு அச்சான தொகையைக் கேளுங்கள். ரீச்சரின் புத்தகம் 2,000 பிரதி அச்சானது. விற்றது 1,450, மதிப்புரைக்கும் அன்பளிப்புக்கும் போனது 50. மீதி 500 பிரதியும் களஞ்சியத்திலோ, கடைகளிலோ, சேதப்பட்டதாக எழுதியோ எங்காவது இருக்கவேண்டும். 500 பிரதி கையில் இருக்கும்போது பதிப்பகம் இரண்டாம் பதிப்பு அடித்தால், உடனே தொலைபேசியை எடுங்கள்.

பிரதிகள் திரும்பி வரக்கூடும் என்று சில பதிப்பகங்கள் ரோயல்டியில் ஒரு பகுதியை நிறுத்திவைக்கும். ஒப்பந்தத்தில் இருந்தால் அது நியாயமே. நிறுத்திவைத்ததை எத்தனையாவது அறிக்கையில் விடுவிப்பார்கள் என்பதும் எழுதப்பட்டிருக்கவேண்டும். எழுதாவிட்டால் அந்தத் தொகை அறிக்கைக்கு அறிக்கை ஊர்ந்துகொண்டே போகும்.

அறிக்கைகளை எறியாதீர்கள், ஒன்றைக்கூட. ரீச்சர் முதலாவதை "காசு இல்லாத தாள்தானே" என்று பழைய பேப்பரோடு போடப் பார்த்திருக்கிறார். அந்தத் தாள் இல்லாமல் 900 என்ற எண்ணை எங்கே தேடியிருப்பேன்? ஆட்சேபிக்க நாள் வரம்பு இருக்கிறதா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள், இருக்கலாம். அதே பதிப்பகத்தில் இரண்டாவது புத்தகம் போடுகிறவர்கள், ஒன்றின் முற்பணப் பாக்கியை மற்றதன் ரோயல்டியில் கழிக்கலாம் என்ற வரிக்குக் கையெழுத்துப் போடுமுன் என்னையோ என்னைப் போன்ற வேறு யாரையோ ஒரு தரம் கேளுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து அழுதால் கணக்காளனால் என்ன செய்ய முடியும்?

ரீச்சர் எழுதிய மூன்றாவது கடிதம் எட்டு வரிதான். ஏமாற்றுகிறீர்கள் என்ற சொல்லை நான் எடுத்துவிடச் சொன்னேன். முகம் சுளித்தார், பிறகு எடுத்தார். மொத்த விற்பனை, மொத்தத் திரும்பல், நிகரம், இரண்டு படிகள், முற்பணம், பெற்ற தொகை, வரவேண்டிய தொகை, இவ்வளவே அதில் இருந்தன. பத்து நாளில் 12,960 ரூபாய்க்குக் காசோலையும், வருத்தம் தெரிவித்து ஒரு குறிப்பும் வந்தன. திரும்பிய 370 பிரதிக்குக் கடைவாரியான விபரம் மட்டும் இன்னும் வரவில்லை. அதற்கு நாலாவது கடிதம் நேற்றுத்தான் தபாலில் போனது.