விலகும் கூட்டாளிக்கு எவ்வளவு தர வேண்டும்?

மூன்று பேர் சம பங்கில் நடத்தும் ஒரு ஹார்டுவேர் கடை. ஒருவர் விலகுகிறார். பேலன்ஸ் ஷீட்டில் சரக்கு 30 லட்சம், வர வேண்டிய கடன் 12 லட்சம், கடைக் கட்டடம் 10 லட்சம், ரொக்கம் 8 லட்சம். கொடுக்க வேண்டிய 15 லட்சத்தைக் கழித்தால் மிச்சம் 45 லட்சம். ஆளுக்கு 15 லட்சம். இதுதான் ஏட்டு மதிப்பு.

ஆனால் ஏடு பழைய விலையைத்தான் சொல்லும். தேய்மானம் போகப் போக 10 லட்சமாக நிற்கும் கட்டடம் இன்று 22 லட்சம் பெறும். சரக்கில் 3 லட்சம் ஓடாத சரக்கு. கடனில் 3 லட்சம் வராது. கூட்டிக் கழித்தால் 6 லட்சம் ஏறி, நிகர மதிப்பு 51 லட்சம், பங்கு 17 லட்சம் ஆகிறது.

அடுத்தது குட்வில், அதாவது நற்பெயரின் விலை. சராசரி இலாபத்தை இத்தனை ஆண்டு என்று பெருக்குவது வழக்கம். இங்கே ஒப்பந்தப் பத்திரத்தில் 2 என்று இருக்கிறது. கடந்த மூன்று ஆண்டு இலாபம் 14, 13, 23 லட்சம். இதை அப்படியே எடுத்தால் சராசரி 16.67 லட்சம், குட்வில் 33.33 லட்சம், விலகுபவர் பங்கு 11.11 லட்சம். தப்பு நடப்பது இங்கேதான்.

அந்த 23 லட்சத்தில் 5 லட்சம் பழைய காலிமனை ஒன்றை விற்றதில் வந்தது. மறுபடி வராது, எடுத்துவிட வேண்டும். அப்போது சராசரி 15 லட்சம். இன்னொன்றும் உண்டு: இரண்டு கூட்டாளிகள் சம்பளம் எழுதிக்கொள்ளாமல் நாள் முழுக்கக் கடையில் நிற்கிறார்கள். அவர்கள் இடத்தில் ஆள் போட்டால் மாதம் 25,000 வீதம் ஆண்டுக்கு 6 லட்சம் ஆகும். அது உழைப்பின் கூலி, கடையின் பெயர் சம்பாதித்தது அல்ல. கழித்தால் 9 லட்சம். குட்வில் 18 லட்சம். பங்கு 6 லட்சம். ஆக மொத்தம் 17 + 6 = 23 லட்சம்.

விலகுபவரின் பங்கை வாங்குகிற மற்ற இருவரும் இன்னும் ஒரு கேள்வி கேட்பார்கள், அது நியாயமானதுதான். போட்ட 51 லட்சத்துக்கு 10 சதவீதம் என்று 5.1 லட்சம் இதே மாதிரித் தொழிலில் பொதுவாகக் கிடைக்கும். சொத்தின் விலையை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்ட பிறகு அதன் வருமானத்துக்கும் ஏன் தர வேண்டும்? அதையும் கழித்து மிஞ்சும் 3.9 லட்சம்தான் உயர் இலாபம். இதன்படி குட்வில் 7.8 லட்சம், பங்கு 2.6 லட்சம், மொத்தம் 19.6 லட்சம். 3.4 லட்ச வித்தியாசம் முழுக்க முறையால் வருவது. எந்த முறை, எத்தனை ஆண்டு, கூலி கழிக்க வேண்டுமா என்பதைப் பத்திரத்தில் முதலிலேயே எழுதாவிட்டால் தகராறு இந்த இடத்தில்தான் வெடிக்கும்.

குட்வில் தொகையை விலகுபவரின் பங்கை எடுத்துக்கொள்கிற இருவரும் கூடுதலாகப் பெறும் விகிதத்தில் ஏற்க வேண்டும். சராசரி முறையில் ஆளுக்கு 3 லட்சம் அவர்கள் மூலதனக் கணக்கில் பற்று. விலகுபவர் கணக்கில் 6 லட்சம் வரவு.

கணக்கை முடிக்காமல் கடையை ஓட்டிக்கொண்டே போனால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, 1932 கூட்டாண்மைச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு விலகியவருக்கு ஓர் உரிமை தருகிறது: தன் பணத்தால் விளைந்த இலாபப் பங்கைக் கேட்கலாம், அல்லது ஆண்டுக்கு 6 சதவீத வட்டியைக் கேட்கலாம்.