காது வெட்டும்போது நேர்கோட்டு முனையை என்ன செய்வது?

சிங்கப்பூரின் data.gov.sg தளத்தில் வீவக எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி புளோக்குகளின் அடித்தட வடிவங்கள் GeoJSON கோப்பாகக் கிடைக்கின்றன. அதை எடுத்து முப்பரிமாணப் படம் வரைய நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது, ஒவ்வொரு புளோக்கின் வடிவத்தையும் முக்கோணங்களாகப் பிரிப்பது. வரைகலைச் சில்லுக்கு முக்கோணம்தான் தெரியும், பலகோணம் தெரியாது.

இதற்கு எளிய வழி காது வெட்டுதல். பலகோணத்தின் ஒரு முனையையும் அதன் இரு பக்கத்து முனைகளையும் சேர்த்தால் ஒரு முக்கோணம் வரும். அந்த முக்கோணம் முழுவதும் பலகோணத்துக்குள்ளேயே அடங்கி, வேறெந்த முனையும் அதற்குள் வராவிட்டால் அது ஒரு காது. அதை வெட்டி எடுத்துவிட்டால் பலகோணத்தில் ஒரு முனை குறையும். மூன்று முனை மிஞ்சும்வரை இப்படியே வெட்டிக்கொண்டு போகலாம். தன்னைத் தானே வெட்டிக்கொள்ளாத, ஓட்டையில்லாத எந்தப் பலகோணத்துக்கும், நான்கு முனையோ அதற்கு மேலோ இருந்தால், ஒன்றையொன்று மேவாத இரண்டு காதுகளாவது இருக்கும் என்று கேரி மைஸ்டர்ஸ் 1975இல் நிறுவினார். n முனைகள் இருந்தால் n − 2 முக்கோணங்கள் கிடைக்கும்.

காகிதத்தில் இவ்வளவுதான். நிஜக் கட்டடங்களின் தரவில் பெரும்பாலும் தகராறு செய்வது, ஒரே நேர்கோட்டில் கிடக்கும் மூன்று முனைகளில் நடுவில் இருப்பது. அதைத் தட்டை முனை என்று சொல்வோம். புளோக்கின் நீண்ட சுவரில் கூரையுள்ள நடைபாதை வந்து ஒட்டும் இடத்தில் ஒரு முனை இருக்கும். சுவர் அங்கே திரும்பாது, நேராகவே போகும். இதைக் கையாள்வதற்கு ஒரே விதிதான்: தட்டை முனை ஒருபோதும் காது ஆகாது, ஆனால் மற்றவர் காதை அது தடுக்கும். பலரும் முதல் பாதியை எழுதிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

எண்களோடு பார்ப்போம். ‘எல்’ வடிவ புளோக் ஒன்று, அளவுகள் மீட்டரில், இடஞ்சுழியாக: A(0,0), B(30,0), C(60,0), D(60,12), E(12,12), F(12,40), G(0,40). கீழ்ச்சுவரின் நடுவே இருக்கும் B தட்டை முனை. பரப்பு 60 × 12 + 12 × 28 = 1056 சதுர மீட்டர். ஏழு முனைகள், ஆகவே ஐந்து முக்கோணங்கள் வரவேண்டும்.

ஒரு முனை எந்த வகை என்பதைக் குறுக்குப் பெருக்கல் சொல்லிவிடும். முந்தைய முனை a, இது b, அடுத்தது c என்றால்:

```
(b.x − a.x)(c.y − b.y) − (b.y − a.y)(c.x − b.x)
```

இடஞ்சுழியாகப் போகும் பலகோணத்தில் விடை நேர்ம எண் என்றால் முனை வெளியே புடைத்திருக்கிறது, எதிர்ம எண் என்றால் உள்ளே குழிந்திருக்கிறது, சுழியம் என்றால் தட்டை. நம் புளோக்கில் E-க்கு −1344 வருகிறது, குழிமுனை. B-க்குச் சுழியம். மற்ற ஐந்தும் புடைமுனைகள். விடையின் பாதிதான் அந்த முக்கோணத்தின் பரப்பு என்பது கூடுதல் வசதி.

இப்போது பட்டியலின் கடைசியிலிருந்து காது தேடுவோம். தடையாக இருக்கக்கூடியவை குழிமுனைகள் மட்டுமே என்று பாடப்புத்தகத்தில் படித்ததை அப்படியே பின்பற்றுவோம். G புடைமுனை, F-G-A முக்கோணத்துக்குள் E வரவில்லை, வெட்டு, பரப்பு 240. அடுத்து F; E-F-A முக்கோணம், 168. இப்போது E-யின் பக்கத்து முனைகள் D-யும் A-யும் ஆகிவிட்டன. மறுபடி கணக்கிட்டால் E-க்கு +576 வருகிறது. குழிமுனையாக இருந்தது புடைமுனையாகிவிட்டது. ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் இரு பக்கத்து முனைகளின் வகையைப் புதுப்பிக்கச் சொல்வது இதனால்தான். D-E-A முக்கோணத்தை வெட்டலாம், 288.

மிஞ்சியிருப்பது A, B, C, D. அடுத்த முறை D-யுடையது. C-D-A முக்கோணம் பார்வைக்கு நல்ல காது. குழிமுனை ஒன்றுகூட மிச்சமில்லை. வெட்டினால் பரப்பு 360. கூட்டிப் பாருங்கள்: 240 + 168 + 288 + 360 = 1056. பரப்பு அச்சாகச் சரி. ஆனால் கையில் நான்கு முக்கோணங்கள்தான் இருக்கின்றன, மிச்சம் இருப்பது A, B, C என்ற வெறும் கோடு. இந்த இடத்தில் நிரல் இரண்டில் ஒன்றைச் செய்யும்: காது கிடைக்காமல் முடிவில்லாச் சுற்றில் மாட்டிக்கொள்ளும், அல்லது கடைசி மூன்று முனைகளைக் கேள்வி கேட்காமல் ஐந்தாவது முக்கோணமாக எழுதிவிடும். அந்த முக்கோணத்தின் பரப்பு சுழியம். அதன் செங்குத்துத் திசையைக் கணக்கிடும்போது சுழியத்தால் வகுக்க நேர்ந்து `NaN` வரும்; புளோக்கின் கூரையில் விளக்கமில்லாத கறுப்புத் திட்டாக அது திரையில் தெரியலாம்.

தவறு நடந்தது D-யை வெட்டியபோது. C-யையும் A-யையும் இணைக்கும் கோடு B-யின் மேலேயே போகிறது. இடையில் ஒரு முனையைத் தொடும் கோடு முறையான மூலைவிட்டம் ஆகாது. B-யையும் தடைப் பட்டியலில் வைத்து, முக்கோணத்தின் விளிம்பில் இருந்தாலும் உள்ளே இருப்பதாகவே கணக்கில் கொண்டிருந்தால் D நிராகரிக்கப்பட்டிருக்கும். அடுத்து C: B-C-D முக்கோணம், 180. மிச்சம் A-B-D, அதுவும் 180. C போனதும் B-யின் அடுத்த முனை D ஆகிவிடுகிறது. தட்டையாக இருந்த B தானாகவே புடைமுனையாகிறது. ஐந்து முக்கோணங்கள், 1056.

நிரலில் இந்த வேறுபாடு இரண்டு குறிகளில் அடங்கிவிடுகிறது:

```python
def cross(a, b, c):
    return (b[0]-a[0])*(c[1]-b[1]) - (b[1]-a[1])*(c[0]-b[0])

def is_ear(P, ring, i):
    n = len(ring)
    ia, ib, ic = ring[i-1], ring[i], ring[(i+1) % n]
    a, b, c = P[ia], P[ib], P[ic]
    if cross(a, b, c) <= 0:
        return False
    for j in ring:
        if j in (ia, ib, ic):
            continue
        q = P[j]
        if cross(a, b, q) >= 0 and cross(b, c, q) >= 0 and cross(c, a, q) >= 0:
            return False
    return True
```

முதல் சோதனையில் `<` என்று எழுதினால் தட்டை முனையே காதாகிவிடும். பின்னதில் `>` என்று எழுதினால் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் முனை கண்ணில் படாது. இரண்டும் மேலே உள்ளபடி இருந்தால், கணக்குத் துல்லியமாக இருக்கும்வரை இந்த முறை எங்கும் சிக்கிக்கொள்ளாது. வெட்டிய பிறகு மிஞ்சுவதும் முறையான பலகோணமே என்பதால் அடுத்த காதும் நிச்சயம் உண்டு. வேகம் வேண்டுமென்றால் எல்லா முனைகளையும் சோதிக்காமல் குழிமுனைகளையும் தட்டை முனைகளையும் மட்டும் சோதித்தால் போதும்.

தட்டை முனைகளை முன்கூட்டியே நீக்கிவிட்டால் என்ன என்று தோன்றலாம். தனியாக நிற்கும் வடிவத்துக்கு அது முற்றிலும் சரியான வழி. அப்படி நீக்கினால் நம் புளோக்குக்கு நான்கு முக்கோணங்கள் வரும், எதிலும் B இருக்காது. பக்கத்தில் நடைபாதை ஒட்டியிருந்தால்தான் சிக்கல். நடைபாதையின் மூலை B-யில் இருக்கிறது, புளோக்கின் விளிம்போ A-யிலிருந்து C-க்கு ஒரே ஓட்டமாகப் போகிறது. திரையில் சுழற்றும்போது இரு விளிம்புகளும் தனித்தனியே முழுமையாக்கப்பட்டு, இடையில் ஒற்றைப் புள்ளி அகலத்துக்குப் பின்னணி மினுக்கும். முனைகளுக்கு உயரமும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: வரைபடத்தில் நேர்கோட்டில் இருப்பது உயரத்தில் நேர்கோடாக இருக்கவேண்டியதில்லை. இத்தகைய இடங்களில் தட்டை முனையை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் தட்டையாகத் தெரிவதெல்லாம் தட்டை முனையல்ல. GeoJSON விதிப்படி வளையத்தின் கடைசிப் புள்ளி முதல் புள்ளியையே திரும்பச் சொல்லும். அதை நீக்காமல் விட்டால் அங்கே பக்கத்தின் நீளம் சுழியம், குறுக்குப் பெருக்கலும் சுழியம். அடுத்து ஈட்டி முனை: கோடு வெளியே போய் அதே வழியில் திரும்பி வரும், அங்கேயும் சுழியம்தான். (b − a), (c − b) இரண்டின் புள்ளிப் பெருக்கலைப் பார்த்தால் வேறுபாடு தெரியும். நேர்மமானால் உண்மையான தட்டை முனை, எதிர்மமானால் ஈட்டி. இரட்டைப் புள்ளியையும் ஈட்டியையும் வெட்டத் தொடங்கும் முன்பே அகற்றவேண்டும். சுற்றுத் திசையையும் அப்போதே மொத்தப் பரப்பின் குறியை வைத்துச் சரிபார்ப்பது நல்லது. வலஞ்சுழியாக வந்தால் பட்டியலைத் திருப்பிப்போட வேண்டும்.

எஞ்சியது, கணினியில் சுழியம் அரிதாகவே சுழியமாக வரும் என்பது. அதனால் ‘1e-9க்குக் குறைந்தால் தட்டை’ என்று எழுதும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அந்தக் கோப்பில் இருப்பதோ பாகைகள். சிங்கப்பூரில் ஒரு பாகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர். குறுக்குப் பெருக்கலில் 1e-9 என்பது தரையில் சுமார் 12 சதுர மீட்டர், அதாவது 6 சதுர மீட்டர் முக்கோணம். ஒரு சிறிய அறை அளவுள்ள மூலைகள் சத்தமில்லாமல் தட்டையாகிவிடும். முதலில் சிங்கப்பூரின் சொந்த மீட்டர் கட்டமான SVY21க்கு (`EPSG:3414`) மாற்றி, பிறகு மில்லிமீட்டர் முழு எண்களாக்குவதே என் பரிந்துரை. தீவு கிழக்கு மேற்காகச் சுமார் 50 கிலோமீட்டர், அதாவது 5 கோடி மில்லிமீட்டர். அப்படி இரண்டு எண்களைப் பெருக்கினாலும், இரு பெருக்கல்களைக் கழித்தாலும், விடை 5 × 10¹⁵ஐத் தாண்டாது. 64 பிட் மிதவை எண் 9 × 10¹⁵ வரை முழு எண்களைப் பிசகாமல் தாங்கும். ஆகவே சுழியம் உண்மையிலேயே சுழியமாக வரும்.

இதற்கும் ஒரு விலை உண்டு. சாய்ந்த சுவரின் நடுவே இருக்கும் முனை, முழு எண்ணாக்கும்போது அரை மில்லிமீட்டர் அளவுக்கு விலகும். உள்ளே விலகினால் கவலையில்லை, குழிமுனையாகித் தடையாக நிற்கும். வெளியே விலகினால் 60 மீட்டர் நீளமும் அரை மில்லிமீட்டர் உயரமும் கொண்ட நார் போன்ற காது கிடைக்கும். இதைப் பரப்பால் வடிகட்ட முடியாது, நீளம் கூடினால் பரப்பும் கூடும். குறுக்குப் பெருக்கலை a–c நீளத்தால் வகுத்தால் முனையின் உயரம் கிடைக்கும். அது 1 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் காதாக எடுக்காமல் தடையாக மட்டும் வையுங்கள். இந்தத் தளர்வோடு காது கிடைக்காமல் போகலாம். அப்போது மட்டும் அந்தச் சுற்றில் வரம்பைச் சுழியமாக்கித் தேடினால் கட்டாயம் ஒன்று கிடைக்கும், ஏனென்றால் அதுவரை வெட்டியவை எல்லாம் முறையான காதுகளே.

முடிவைச் சோதிக்கும்போது பரப்பை மட்டும் நம்பக்கூடாது. தவறான வெட்டிலும் 1056 வந்ததைப் பார்த்தோம். மூலப் பலகோணத்தின் ஒவ்வொரு பக்கமும் முக்கோணப் பட்டியலில் சரியாக ஒருமுறை வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள். தவறான அந்த நான்கு முக்கோணங்களில் A–B, B–C இரண்டுமே இல்லை.